y = vx: சமபடித்தான வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி, வழியில் தொலையும் தீர்வைப் பிடிப்பது எப்படி

முதலில் இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்.

dy/dx = (y² + 2xy) / x²

இதற்கு y(1) = 1 என்று தொடக்க நிபந்தனை கொடுத்தால், y = vx முறையைப் படித்த யாரும் அரைப் பக்கத்தில் விடையை எழுதிவிடுவார்கள். அதையே y(1) = −1 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், அதே ஆட்கள் அதே வழியில் போய்க் கடைசி வரியில் −1 = 0 என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கணக்கில் எங்கும் கூட்டல் கழித்தல் பிழை இருக்காது, ஆனாலும் விடை வராது. தீர்வே இல்லை போலிருக்கிறது என்று எழுதி வைத்துவிடுவார்கள். தீர்வு இருக்கிறது, அதுவும் மிகச் சாதாரணமான ஒரு நேர்கோடு. நடுவில் ஒரு வரியில் நாமே அதைத் தூக்கி எறிந்திருப்போம், அவ்வளவுதான்.

இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு முறை முழுவதையும் சொல்கிறேன். உங்களுக்கு வகையிடலின் பெருக்கல் விதியும், மாறிகளைப் பிரித்துத் தொகையிடுவதும், எளிய பகுதி பின்னங்களும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: சமபடித்தானதுதானா என்று பார்ப்பது

ஒவ்வோர் உறுப்பிலும் x, y இரண்டின் அடுக்குகளையும் கூட்டுங்கள். நம் சமன்பாட்டில் y² என்பதற்கு 2. 2xy என்பதில் x-க்கு 1, y-க்கு 1, மொத்தம் 2. கீழே இருக்கும் x²-க்கும் 2. எல்லாம் ஒரே படியில் இருக்கிறது, ஆகவே இது சமபடித்தானது. மேலே ஒரு +1 ஒட்டிக்கொண்டு y² + 2xy + 1 என்று இருந்திருந்தால், அந்த 1-இன் படி பூச்சியம், மற்றவற்றோடு ஒத்துப்போகாது, இந்த முறையும் ஓடாது.

அடுக்கை எண்ணிப் பார்க்க முடியாத சார்புகள் வரும்போது இன்னொரு சோதனை இருக்கிறது: x வரும் இடமெல்லாம் tx, y வரும் இடமெல்லாம் ty என்று போட்டுப் பாருங்கள். வலப்பக்கத்தில் t முழுவதும் அடிபட்டுப் பழையபடியே வந்தால் சமபடித்தானது. sin(y/x) இதில் தேறிவிடும், ஏனென்றால் ty/tx என்பது y/x தான். sin y தேறாது. √(x² + y²) இருந்தால் அது படி 1 உள்ள உறுப்பு மாதிரி நடந்துகொள்ளும், ஆனால் அதில் ஒரு குறிச் சிக்கல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "சமபடித்தான" என்ற சொல்லை வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் இரண்டு வேறு வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். நேரியல் சமன்பாடுகளைப் பற்றிப் பேசும்போது, வலப்பக்கம் பூச்சியமாக இருந்தால் அதையும் சமபடித்தானது என்பார்கள். அதற்கும் நாம் இங்கே பார்ப்பதற்கும் தொடர்பில்லை. இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வலப்பக்கம் y/x என்ற விகிதத்தை மட்டும் சார்ந்திருக்கிறதா?

படி 2: வலப்பக்கத்தை y/x ஆக மாற்றி எழுதுவது

கீழே இருக்கும் x²-ஆல் ஒவ்வோர் உறுப்பையும் வகுத்துவிடுங்கள்.

dy/dx = (y/x)² + 2(y/x)

இந்த வரியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள், நேராக y = vx போட்டுவிடுவார்கள். தவறில்லை, ஆனால் எழுதிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் முறை ஏன் வேலை செய்கிறது என்பது இந்த வரியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு புள்ளியில் வளைவின் சாய்வு என்ன என்பதை அந்தப் புள்ளியின் y/x மட்டுமே முடிவு செய்கிறது. (1, 1), (2, 2), (10, 10) மூன்றிலும் y/x = 1, ஆகவே மூன்றிலும் சாய்வு 1 + 2 = 3. அதாவது ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு நேர்கோடு போட்டு அதன்மேல் நடந்து போனால், வழியெங்கும் சாய்வு மாறவே மாறாது. அப்படியென்றால், தீர்வு வளைவு ஒன்றை ஆதிப்புள்ளியை மையமாக வைத்து அப்படியே இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வருவதும் ஒரு தீர்வாகத்தான் இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் விடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாம் y/x-ஐச் சார்ந்தே இருக்கும்போது, அந்த விகிதத்துக்கே ஒரு பெயர் வைத்து அதையே புதிய மாறியாக எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. லைப்னிட்ஸ் 1691-லேயே இந்த வகைச் சமன்பாடுகளை இப்படித்தான் மாறிகள் பிரியும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

படி 3: y = vx என்று பிரதியிடுவது

v = y/x, அதாவது y = vx. இனி dy/dx-ஐ v-ஐ வைத்து எழுத வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். v-ஐ ஒரு மாறிலி போல நினைத்து dy/dx = v என்று எழுதிவிடுவார்கள். v மாறிலி இல்லை, x மாற மாற அதுவும் மாறும், v என்பது x-இன் சார்பு. ஆகவே vx என்பது இரண்டு சார்புகளின் பெருக்கல், பெருக்கல் விதிப்படி

dy/dx = v + x (dv/dx)

என்று இரண்டு உறுப்புகள் வரும். நம் சமன்பாட்டில் போடுவோம்:

v + x (dv/dx) = v² + 2v

இடப்பக்கத்து v-ஐ அந்தப் பக்கம் கொண்டு போனால்

x (dv/dx) = v² + v = v(v + 1)

வலப்பக்கத்தில் x என்ற எழுத்தே இல்லை, பார்த்தீர்களா? பொதுவாகவே சமன்பாடு dy/dx = f(y/x) என்று இருந்தால் இந்த இடத்தில் x (dv/dx) = f(v) − v என்றுதான் வரும், மாறிகள் எப்போதும் பிரியும். இது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை மணியாகவும் பயன்படும்: பிரதியிட்டு முடித்த பிறகும் வலப்பக்கத்தில் ஒரு x அடிபடாமல் நின்றால், ஒன்று பிரதியிடுவதில் பிழை செய்திருக்கிறீர்கள், அல்லது சமன்பாடு சமபடித்தானதே இல்லை. அங்கேயே நிறுத்தி மேலே போய்ப் பாருங்கள், அதை வைத்துக்கொண்டு தொகையிடப் போகாதீர்கள்.

படி 4: வகுப்பதற்கு முன் நிற்க வேண்டிய இடம்

இப்போது கை தானாகவே v(v + 1)-ஆல் வகுக்கப் போகும். கொஞ்சம் நில்லுங்கள். வகுக்கும் எண் பூச்சியமாக இருந்தால் வகுக்கக் கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எண்ணுக்குப் பதில் v(v + 1) என்று எழுத்தில் இருக்கும்போது அது மறந்துபோகிறது. அது எப்போது பூச்சியமாகும்? v = 0 ஆனால், அல்லது v = −1 ஆனால். இந்த இரண்டையும் தனியாக எடுத்து, அவை தீர்வா என்று பாருங்கள்.

v எப்போதும் 0 என்று இருந்தால் dv/dx = 0, x (dv/dx) = v(v + 1) என்பதில் இரண்டு பக்கமும் பூச்சியம், பொருந்துகிறது. v = 0 என்றால் y = 0. ஆக y = 0 ஒரு தீர்வு.

v எப்போதும் −1 என்று இருந்தாலும் dv/dx = 0, வலப்பக்கம் (−1)(0) = 0, இதுவும் பொருந்துகிறது. v = −1 என்றால் y = −x. மூலச் சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கலாம்: y = −x என்றால் dy/dx = −1, வலப்பக்கம் (x² − 2x²)/x² = −1. சரி, இதுவும் ஒரு தீர்வு.

இந்த இரண்டையும் பக்கத்தின் ஓரத்தில் எழுதி ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: y = 0, y = −x. இதைச் செய்ய அரை நிமிடம் ஆகும். செய்யாவிட்டால் இவை எப்போது தொலைந்தன என்றே தெரியாது, ஏனென்றால் அடுத்து வரும் வரிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பொதுவாகச் சொன்னால், f(k) = k ஆகும் ஒவ்வொரு k-க்கும் y = kx என்ற நேர்கோடு ஒரு தீர்வு. காரணம் எளிது: அந்தக் கோட்டின் மேல் சமன்பாடு கேட்கும் சாய்வு k, கோட்டின் சாய்வும் k. கோட்டின் மேலேயே போகச் சொல்கிறது, போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

படி 5: பிரித்துத் தொகையிடுவது

இனி v ≠ 0, v ≠ −1 என்று வைத்துக்கொண்டு தாராளமாக வகுக்கலாம்.

dv / [v(v + 1)] = dx / x

இடப்பக்கத்தைப் பகுதி பின்னங்களாகப் பிரித்தால் 1/(v(v + 1)) = 1/v − 1/(v + 1). சந்தேகமாக இருந்தால் வலப்பக்கத்தைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், மேலே (v + 1) − v = 1 வரும். தொகையிட்டால்

ln|v| − ln|v + 1| = ln|x| + c

c-ஐ இந்த வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எப்படி என்று சற்றுப் பிறகு காட்டுகிறேன். இடப்பக்கத்து மடக்கைகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டு பக்கமும் மடக்கையை நீக்கினால்

|v / (v + 1)| = e^c · |x|

மட்டுக் குறிகளை எடுக்கும்போது ஒரு ± வரும். அந்த ±-ஐயும் e^c-ஐயும் சேர்த்து C என்று ஒரே மாறிலியாக வைத்துக்கொள்ளலாம். e^c எப்போதும் நேர்மம், முன்னால் ± இருப்பதால் C நேர்மமாகவும் குறையாகவும் இருக்கலாம், பூச்சியமாக மட்டும் இப்போதைக்கு இருக்க முடியாது.

v / (v + 1) = Cx

படி 6: v-ஐ எடுத்துவிட்டு y-க்குத் திரும்புவது

v = y/x என்று திரும்பப் போடுங்கள். இடப்பக்கத்தில் (y/x) / (y/x + 1) = y/(x + y). ஆகவே

y / (x + y) = Cx

இங்கேயே நிறுத்தினாலும் விடைதான். y-ஐத் தனியாக எடுக்க முடிகிற கணக்கு என்பதால் எடுத்துவிடுவோம்: y = Cx² + Cxy, அதாவது y(1 − Cx) = Cx².

y = Cx² / (1 − Cx)

v-யிலேயே விடையை எழுதிவிட்டு எழுந்து போய்விடுவதும் வழக்கமாக நடக்கிற ஒன்று. கேட்டது y, ஆகவே கடைசி வரியில் v என்ற எழுத்து இருக்கக் கூடாது.

இப்போது ஓரத்தில் கட்டம் போட்டு வைத்திருந்த இரண்டையும் எடுத்துப் பார்ப்போம். y = 0 இந்தக் குடும்பத்துக்குள் வருமா? C = 0 போட்டால் y = 0 வந்துவிடுகிறது. ஆகவே C பூச்சியமாக இருக்கக் கூடாது என்ற தடையை எடுத்துவிட்டால் முதல் தீர்வு உள்ளே வந்துவிட்டது. y = −x வருமா? Cx²/(1 − Cx) = −x என்று வைத்தால், Cx² = −x + Cx², அதாவது x = 0 என்று வரும். எந்த C-க்கும் இந்தக் கோடு கிடைக்காது. C-ஐ மிகப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வளைவுகள் இந்தக் கோட்டை நெருங்கும், ஆனால் C எந்த எண்ணாக இருந்தாலும் அது ஆகாது. ஆகவே முழு விடையை இப்படித்தான் எழுத வேண்டும்: y = Cx²/(1 − Cx), இதோடு y = −x.

தொடக்க நிபந்தனைகளுக்கு வருவோம்

y(1) = 1 என்றால் 1 = C/(1 − C), C = 1/2. பதிலிட்டுச் சுருக்கினால்

y = x² / (2 − x)

இது எதுவரை செல்லும்? x = 2-இல் பகுதி பூச்சியமாகிறது, வளைவு மேலே ஓடிவிடுகிறது. x = 0-இல் மூலச் சமன்பாடே வரையறுக்கப்படவில்லை, கீழே x² இருக்கிறதே. நாம் தொடங்கிய இடம் x = 1, ஆகவே தீர்வு 0 < x < 2 என்ற இடைவெளியில் மட்டும்தான். இந்த இடைவெளியையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை. x = 5-க்கு y = −25/3 என்று சூத்திரம் ஓர் எண்ணைத் தரும், ஆனால் x = 1-இல் தொடங்கி வளைவு வழியே நடந்து அங்கே போய்ச் சேர முடியாது, நடுவில் x = 2 இருக்கிறது.

இப்போது y(1) = −1. சூத்திரத்தில் போட்டால் −1 = C/(1 − C), அதாவது −1 + C = C, அதாவது −1 = 0. ஆரம்பத்தில் சொன்ன முட்டுச்சந்து இதுதான். ஏன் இப்படி ஆனது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது: (1, −1) என்ற புள்ளியில் v = −1, நாம் வகுத்ததில் v + 1 இருந்தது, அந்தப் புள்ளிக்கு அந்த வகுத்தலே செல்லாது. கட்டத்தில் எழுதி வைத்த y = −x அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது, அதுவே விடை.

ஆகவே தொடக்க நிபந்தனை கொடுத்த கணக்கு என்றால், நான் செய்கிற முதல் வேலை, அந்தப் புள்ளியில் y/x எவ்வளவு என்று பார்த்து அதை f(v) − v-யில் போடுவது. பூச்சியம் வந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது, தொகையிடவே வேண்டாம், y = kx என்று எழுதிவிடலாம்.

y(1) = −1/2 என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள், அழகான ஒன்று வரும். −1/2 = C/(1 − C) என்பதிலிருந்து C = −1, y = −x²/(1 + x). x > 0 எங்கும் இதில் y/x = −x/(1 + x), அது எப்போதும் −1-க்கும் 0-க்கும் நடுவிலேயே இருக்கும். y = 0 என்ற கோட்டுக்கும் y = −x என்ற கோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வளைவு அது, x > 0 இருக்கும்வரை இரண்டில் எதையும் வெட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. அந்த இரண்டு நேர்கோடுகளும் மற்ற தீர்வுகளுக்கெல்லாம் வேலி மாதிரி நிற்கின்றன. அவற்றைத் தொலைத்துவிட்டால் ஒரு விடை மட்டும் போகவில்லை, முழுப் படத்தின் சட்டகமே போய்விடுகிறது.

படி 7: சரிபார்ப்பது

நேரடியான வழி வகையிட்டுப் பார்ப்பது. y = x²/(2 − x) என்றால்

dy/dx = [2x(2 − x) + x²] / (2 − x)² = (4x − x²) / (2 − x)²

வலப்பக்கம்: (y/x)² + 2(y/x) = x²/(2 − x)² + 2x/(2 − x) = (4x − x²)/(2 − x)². ஒன்றுதான். நேரமில்லை என்றால் ஒரே ஒரு புள்ளியிலாவது பாருங்கள்: x = 1-இல் வகைக்கெழு 3, சமன்பாடு (1, 1)-இல் கேட்கும் சாய்வும் 3.

இன்னொரு வழி, முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது. தீர்வைப் பெரிதாக்கினாலும் தீர்வு என்றோம். அப்படியானால் பொதுத் தீர்வில் x-க்கு tx, y-க்கு ty போட்டால், C-யின் மதிப்பு மட்டும்தான் மாற வேண்டும், சமன்பாட்டின் உருவம் மாறக் கூடாது. y/(x + y) = Cx-இல் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் அப்படியே இருக்கிறது, வலப்பக்கம் Ctx. Ct என்பதைப் புதிய C என்று சொல்லிவிட்டால் பழைய உருவமே வந்துவிட்டது. சரி.

c-ஐக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஒருவருக்கு என்ன வரும்? ln|v/(v + 1)| = ln|x| என்று எழுதி, மடக்கையை நீக்கி, v/(v + 1) = x என்று கொண்டுவந்து, அப்போது ஞாபகம் வந்து + C போடுவார்: y/(x + y) = x + C. இதில் tx, ty போட்டால் வலப்பக்கம் tx + C ஆகிறது. x-க்கு முன்னால் t நிற்கிறது, C-ஐ எப்படி மாற்றினாலும் அது போகாது. ஆகவே விடை தவறு என்று வகையிடாமலேயே தெரிந்துவிடுகிறது. மாறிலி தவறான இடத்தில் உட்கார்ந்த விடைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

y = −x என்ற கோடு ஏன் குடும்பத்தில் சேராமல் தனியாக நிற்கிறது என்பதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. ஆதிப்புள்ளி வழியாகப் போகும் நேர்கோட்டைப் பெரிதாக்கினால் அதே கோடுதான் வரும். மற்ற வளைவுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் குடும்பத்தின் அடுத்த வளைவுக்குப் போகலாம், நேர்கோட்டிலிருந்து எங்கும் போக முடியாது, மற்ற வளைவிலிருந்து அங்கே வரவும் முடியாது. y = 0-க்கும் இதே நிலைதான், C = 0-க்கு அது உள்ளே வந்தது நாம் C-ஐ எழுதிய விதத்தால் கிடைத்த வசதி. இரண்டு பக்கத்தையும் தலைகீழாக்கி (x + y)/y = K/x என்று எழுதியிருந்தால் K = 0-க்கு y = −x கிடைத்திருக்கும், y = 0 தொலைந்திருக்கும்.

வர்க்கமூலம் வந்தால்

இதையும் ஒரு கணக்கோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறிப் பிழைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

x (dy/dx) = y + √(x² + y²)

y = vx போட்டால் வர்க்கமூலத்துக்குள் x²(1 + v²) வரும். அதை வெளியே எடுக்கும்போது x√(1 + v²) என்று எழுதுவது பழக்கம். ஆனால் √(x²) என்பது |x|. x > 0 என்றால் அது x, x < 0 என்றால் −x.

x > 0 பக்கம்: x (dv/dx) = √(1 + v²). வலப்பக்கம் எந்த v-க்கும் பூச்சியமாகாது, ஆகவே தொலைவதற்கு நேர்கோடு எதுவும் இல்லை. தொகையிட்டால் ln(v + √(1 + v²)) = ln x + c, அதாவது v + √(1 + v²) = Cx, x-ஆல் பெருக்கினால்

y + √(x² + y²) = Cx²

x < 0 பக்கம்: குறி மாறி x (dv/dx) = −√(1 + v²) என்று வருகிறது. தொகையிட்டு y-க்குத் திரும்பினால்

√(x² + y²) − y = K

இரண்டும் வேறு வேறு மாதிரி தெரிகின்றன அல்லவா? முதலாவதன் இரண்டு பக்கத்தையும் √(x² + y²) − y-ஆல் பெருக்குங்கள். இடப்பக்கம் x² ஆகிவிடும், x² இரண்டு பக்கமும் அடிபட்டு √(x² + y²) − y = 1/C என்று நிற்கும். ஆக இரண்டும் ஒன்றே. √(x² + y²) = y + K என்று எழுதி வர்க்கப்படுத்தினால் x² = 2Ky + K², மேல்நோக்கித் திறந்த பரவளையம், அதன் குவியம் சரியாக ஆதிப்புள்ளியில். ஆதிப்புள்ளியில் ஒரு விளக்கை வைத்தால் ஒளிக்கதிர்கள் எல்லாம் y அச்சுக்கு இணையாகத் திரும்ப வேண்டும் என்றால் கண்ணாடி எந்த வளைவில் இருக்க வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் சமன்பாடுதான் இது.

x < 0 பக்கத்திலும் |x|-ஐ மறந்து x என்றே போட்டிருந்தால், அந்தப் பக்கம் மட்டும் கீழ்நோக்கிக் கவிழ்ந்த பரவளையம் வந்திருக்கும். அது தவறு என்று கண்டுபிடிக்க வகையிடக்கூட வேண்டாம். மூலச் சமன்பாட்டின் வலப்பக்கம் y + √(x² + y²), வர்க்கமூலம் |y|-ஐவிடக் குறையாது, ஆகவே அது ஒருபோதும் குறை எண் ஆகாது. கவிழ்ந்த பரவளையத்தில் x (dy/dx) குறை எண். பொருந்தாது. வர்க்கமூலம் உள்ள கணக்கில் x > 0 என்று கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், கொடுத்திருந்தால் நிம்மதி, இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

எப்போது வேறு வழி

சமன்பாட்டில் x/y அதிகமாக வந்தால், e^(x/y) மாதிரி, y = vx போட்டால் எங்கு பார்த்தாலும் 1/v நின்று தொகையிடுவது சிரமமாகும். அப்போது x = vy என்று வைத்து dx/dy = v + y (dv/dy) என்று போங்கள். முறை அதேதான், x, y இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன.

dy/dx = (x + y + 1)/(x − y + 3) மாதிரி மாறிலிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் சமபடித்தானது இல்லை, ஆனால் ஆக்கிவிடலாம். x + y + 1 = 0, x − y + 3 = 0 என்ற இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி (−2, 1). X = x + 2, Y = y − 1 என்று ஆதிப்புள்ளியை அங்கே நகர்த்தினால் dY/dX = (X + Y)/(X − Y), இனி Y = vX. இரண்டு கோடுகளும் இணையாக இருந்தால் வெட்டும் புள்ளி கிடையாது, அப்போது இந்த நகர்த்தல் நடக்காது. உதாரணமாக மேலே x + y + 1, கீழே 2x + 2y + 5 என்று இருந்தால், x + y-ஐயே ஒரு புதிய மாறியாக எடுத்துக்கொள்ளுங்கள், மாறிகள் பிரிந்துவிடும்.

மாறிகள் பிரியும் என்பதற்குத்தான் இந்த முறை உறுதி தருகிறது, தொகையீடு கைக்கு வரும் என்பதற்கு இல்லை. 1/(f(v) − v)-ஐத் தெரிந்த சார்புகளால் தொகையிட முடியாத கணக்குகளும் உண்டு. அங்கே தொகையீட்டுக் குறியோடேயே விடையை நிறுத்தலாம். அப்போதும் f(k) = k ஆகும் கோடுகளைத் தொகையிடாமலேயே கண்டுபிடித்துவிட முடியும், அவற்றை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.